மார்ஜின் 10-ன்னா 116 பேர், 4-ன்னா 723 பேர்: உங்க ப்ரோட்டோகால் பத்தி

டாக்டர், நீங்க அனுப்புன ப்ரோட்டோகால் முழுசா படிச்சேன். எதிக்ஸ் கமிட்டிக்குப் போறதுக்கு முன்னாடி சாம்பிள் சைஸ் பக்கத்த மட்டும் பேசி முடிச்சிடணும், போன்ல சொன்னா பாதி காத்துல போயிடும்னு எழுதியே அனுப்புறேன், கைடு மேடமும் படிக்கட்டும்.

கேள்வி நல்ல கேள்வி, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. எலெக்டிவ் சிசேரியன்ல வெட்டுறதுக்கு முன்னாடி செஃபசோலின் ஒரே டோஸ் குடுக்குறது ஒரு ஆர்ம், அதோட மூணு நாள் ஆன்டிபயாட்டிக்கும் சேத்து குடுக்குறது இன்னொரு ஆர்ம், 30 நாளைக்குள்ள காயத்துல இன்ஃபெக்‌ஷன் வருதான்னு பாக்கறீங்க. ஆபரேஷன் முடிஞ்சப்புறம் இழுத்துட்டுப் போகாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2016-லயே சொல்லியாச்சு, ஆனா நிறைய வார்டுல இன்னும் மூணு நாள் அஞ்சு நாள்னு ஓடிட்டுதான் இருக்கு. ஒரு டோஸ் மூணு நாள விட நல்லதுன்னு நீங்க நிரூபிக்க வரல, ரொம்ப மோசமில்லன்னா போதும், ஊசியும் செலவும் மிச்சம். அதனால நான்-இன்ஃபீரியாரிட்டி டிசைன் எடுத்தது சரி.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு ஆர்ம்லயும் 8% இன்ஃபெக்‌ஷன், மார்ஜின் 10%, பவர் 80%, ஆல்ஃபா ஒரு பக்கம் 0.025, ஆக ஒரு ஆர்முக்கு 116 பேர்னு போட்டிருக்கீங்க. கணக்குல தப்பே இல்ல, நானும் போட்டுப் பாத்தேன் 116தான் வருது. ஆனா அந்த 10 எங்கருந்து வந்துச்சு? "மருத்துவ ரீதியாக ஏற்கத்தக்கது"ன்னு ஒரு வரி இருக்கு, அவ்ளோதான். யாரு ஏத்துக்கிட்டாங்க, எந்த தாய்கிட்ட கேட்டீங்க? 8-ல இருந்து 18-க்குப் போனாலும் பரவால்லன்னு அந்த வரி சொல்லுது, நூறு பேர்ல எட்டு பேருக்கு சீழ் வைக்கிற எடத்துல பதினெட்டு பேருக்கு வச்சாலும் ரெண்டு சிகிச்சையும் ஏறக்குறைய ஒண்ணுதான்னு நீங்க எழுதப் போறீங்க. அப்படி நெனச்சு எழுதலன்னு எனக்குத் தெரியும், ஆனா எழுதியிருக்கறது அதுதான்.

இன்னும் மோசமான விஷயம் ஒண்ணு இருக்கு. ஆன்டிபயாட்டிக்கே குடுக்கலன்னா எவ்ளோ இன்ஃபெக்‌ஷன் வரும்? சிசேரியனுக்கு ப்ரொஃபிலாக்சிஸ் பத்தி 2014 காக்ரேன் ரெவ்யூல காயம் இன்ஃபெக்‌ஷனுக்கு ரிஸ்க் ரேஷியோ 0.40, கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் 0.35-ல இருந்து 0.46 வரைக்கும். நல்ல பக்கத்த எடுத்து சந்தோஷப்படாம கஞ்சத்தனமான பக்கத்த, அதாவது 0.46-ஐ எடுங்க. மருந்து குடுத்து 8% வருதுன்னா குடுக்காம இருந்தா 8-ஐ 0.46-ஆல வகுத்து சுமார் 17.4%. மருந்தோட மொத்த பலனே 9.4 பாயிண்ட்தான். உங்க மார்ஜின் 10. அப்ப ஒரு டோஸ்ங்கறது வெறும் தண்ணி ஊசியா இருந்தாலும் உங்க ட்ரையல்ல அது "நான்-இன்ஃபீரியர்" பட்டம் வாங்கற எல்லைக்குள்ளதான் நிக்கும். இதுக்கு மேல எதிக்ஸ் கமிட்டில ஒருத்தர் கேள்வி கேட்டா என்ன பதில் சொல்வீங்க?

மார்ஜின முடிவு பண்ற முறையே இதுதான், அமெரிக்க எஃப்டிஏ 2016-ல போட்ட வழிகாட்டில எம்1, எம்2-ன்னு ரெண்டா பிரிச்சு வச்சிருக்காங்க. மருந்தோட நிச்சயமான பலன் எம்1, இங்க 9.4. அதுல எவ்ளோ விட்டுக்குடுக்கத் தயார்ங்கறது எம்2. பாதியாவது காப்பாத்தணும்ங்கறது பலர் பிடிக்கிற வழக்கம், அப்படிப் பாத்தா 4.7. அது மேல்வரம்புதான், அதுக்கு உள்ள எங்க நிக்கறதுன்னு மருத்துவர்தான் சொல்லணும், என்னைய மாதிரி கணக்குப் பாக்கற ஆள் இல்ல. 8 வந்துட்டிருக்கற எடத்துல 12 வரைக்கும் தாங்கலாம், 13-ன்னா வேணாம்னு கைடு மேடம் சொன்னா மார்ஜின் 4. நான் 4-ன்னு வச்சே மேல பேசறேன்.

எண்ணிக்கைய பாருங்க, ஆர்-ல மூணு வரிதான்:

```
p <- 0.08; z <- qnorm(0.975) + qnorm(0.80)
m <- c(0.10, 0.05, 0.04, 0.03)
ceiling(z^2 * 2 * p * (1 - p) / m^2)
```

வர்ற விடை 116, 463, 723, 1284. மார்ஜின் கீழ வகுக்கற எடத்துல வர்க்கமா உக்காந்திருக்கு, அதுதான் எல்லாத்துக்கும் காரணம். பாதியாக்குனா ஆள் நாலு மடங்கு, மூணுல ஒரு பங்காக்குனா ஒம்போது மடங்கு. மத்த எதத் திருகுனாலும் இவ்ளோ ஆடாது, பவர 80-ல இருந்து 90-க்கு ஏத்துனாலும் 4 மார்ஜின்ல 723 வந்து 967 ஆகும் அவ்ளோதான், மூணுல ஒரு பங்கு கூடுது. அதனாலதான் ஆள் கிடைக்கலன்னா எல்லாரும் கை வைக்கற மொத எடம் மார்ஜின், அங்க கொஞ்சம் இளக்குனா எல்லாம் இளகிடும். செருப்புக்கு ஏத்தாப்ல கால வெட்டற வேலைதான் அது.

இந்த ஃபார்முலாக்குள்ள இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு, ரெண்டு ஆர்மும் உண்மையிலயே 8-லதான் இருக்குன்னு நம்பிதான் இது போடுது. கீழ வகுக்கறது வெறும் மார்ஜின் இல்ல, மார்ஜினுக்கும் உண்மையான வித்தியாசத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. ஒரு டோஸ் நெசமா 9% வச்சுக்குங்க, மார்ஜின் 5-ஆ இருந்தாலும் மிச்சம் 4 பாயிண்ட்தான், 463 வந்து 763 ஆயிடும். ஒரு டோஸ் 7%-ன்னா 303 போதும். ஒரே ஒரு பாயிண்ட் அங்குட்டும் இங்குட்டும் நகர்றதுக்கு இவ்ளோ. அதனால "ரெண்டும் சமம்"னு எடுத்துக்கிட்டதுக்கும் ஒரு வரி காரணம் எழுதுங்க. புது சிகிச்சை கொஞ்சம் நல்லதுன்னு எடுத்துக்கிட்டு ஆளக் குறைக்கற ப்ரோட்டோகால் வந்தா நான் உஷாராயிடுவேன்.

116 பேரோட ஓட்டுனா என்ன நடக்கும்னு பாக்கலாம். மூணு நாள் ஆர்ம்ல 9 பேருக்கு இன்ஃபெக்‌ஷன், ஒரு டோஸ் ஆர்ம்ல 12 பேருக்கு. வித்தியாசம் 2.6 பாயிண்ட், 95% இன்டர்வலோட மேல் எல்லை 9.96. பத்துக்குள்ள இருக்கு, பாஸ்! மூணுல ஒரு பங்கு அதிகமா இன்ஃபெக்‌ஷன் வந்தும் "ஒரு டோஸ் போதும்"னு தலைப்புப் போடலாம். நாளைக்கு இன்னொரு மெடிக்கல் காலேஜ்ல இதப் படிச்சு பழக்கத்த மாத்துவாங்க. ஒரு டோஸ் சரியாவே இருக்கலாம், நானும் அப்படித்தான் நெனைக்கறேன், ஆனா அத இந்த ட்ரையல் காட்டியிருக்காது.

பெரிய ட்ரையல்ல மட்டும் மார்ஜின் ஒழுங்கா இருக்கும்னு நெனைக்காதீங்க. ஃபின்லாந்துல அப்பெண்டிசைட்டிசுக்கு ஆபரேஷனா ஆன்டிபயாட்டிக்கான்னு பாத்த ஏபிபிஏசி ட்ரையல் 2015-ல வந்துச்சு, 530 பேர், மார்ஜின் 24 பாயிண்ட்! அவ்ளோ அகலமா வச்சும் தாண்ட முடியல, வித்தியாசம் 27 வந்துடுச்சு. ஆனா படிச்சவங்க பாதிப் பேர் ஆன்டிபயாட்டிக் குடுத்தவங்கள்ல 73% பேருக்கு ஒரு வருஷத்துல ஆபரேஷன் தேவப்படலங்கறதத்தான் ஞாபகம் வச்சிருக்காங்க. இதுக்கு நேரெதிரா ஷைன் ட்ரையல், குழந்தைங்களுக்கு லேசான டிபிக்கு ஆறு மாசத்துக்கு பதிலா நாலு மாசம், நம்ம சென்னையும் அதுல ஒரு சென்டர், 1204 குழந்தைங்க, மார்ஜின் 6 பாயிண்ட். ரெண்டு பக்கமும் சரியா அமையாதவங்க 3% கிட்ட மட்டும்தான் வந்தாங்க. 3 இருக்கற எடத்துல 6 மார்ஜின்னா மூணு மடங்கு, கேட்டா பயமா இருக்கும், ஆனா இன்டர்வல் -2.2-ல இருந்து 1.5 வரைக்கும் சுருங்கி வந்ததால யாரும் மார்ஜினப் பிடிச்சு சண்ட போட வேண்டிய அவசியமே வரல. ஆள் நிறைய இருந்ததோட பலன் அது.

அதே ஆபத்து உங்களுக்கும் உண்டு. ட்ரையல் நடக்கறப்ப எல்லாரும் கை கழுவி கவனமா இருந்து இன்ஃபெக்‌ஷன் 4%-க்கு இறங்குனா 5 மார்ஜினுக்கு 242 பேரே போதும்னு கணக்கு சொல்லும், சந்தோஷமா இருக்கும், ஆனா 4-க்கு மேல 5-ங்கறது ரெண்டு மடங்குக்கும் மேல. அதனால கண்ட்ரோல் ரேட் 5%-க்குக் கீழ போனா மார்ஜின் என்ன ஆகும்னு இப்பவே ப்ரோட்டோகால்ல ஒரு வரி எழுதி வைங்க, ரிசல்ட் பாத்துட்டு யோசிக்கக் கூடாது. அப்புறம் எந்த ஆர்ம்ல சேத்தோமோ அதுலயே எல்லாரையும் எண்ணற ஐடிடி மட்டும் போட்டா பத்தாது, சொன்ன சிகிச்சைய சொன்னபடி வாங்குனவங்கள மட்டும் எண்ணற பெர்-ப்ரோட்டோகாலும் போடணும். ராத்திரி ட்யூட்டி டாக்டர் பயந்துபோய் ஒரு டோஸ் ஆர்ம் அம்மாவுக்கும் மூணு நாள் ஊசி எழுதிட்டார்னா ரெண்டு ஆர்மும் ஒண்ணா ஆகி நீங்க சுலபமா ஜெயிச்சிருவீங்க, இந்த டிசைன்ல அசட்டையா நடத்துறதே லாபமாப் போயிடும்.

இப்ப நடைமுறைக்கு. 4 மார்ஜின், 10% பேர் ஃபாலோ-அப்புக்கு வராம போறது சேத்தா ஒரு ஆர்முக்கு 804, மொத்தம் 1608. மாசத்துக்கு 40 எலெக்டிவ் கேஸ்னு எழுதிருக்கீங்க, 18 மாசத்துல 720, சம்மதம் குடுக்கறவங்க 70%-ன்னா 500 பேர். அந்த 500-ஐ வச்சு 4 மார்ஜின்ல பவர் 38%தான் வரும், முடிவு தெரியாமப் போறதுக்கு தாய்மாரை சேக்க வேணாம். எனக்குத் தெரிஞ்சு ரெண்டு வழி. ஒண்ணு, பக்கத்து காலேஜ் ரெண்டு மூணோட சேந்து மல்டிசென்டரா பண்றது, உங்க தீசிஸ் அதுல ஒரு பகுதி. இல்லன்னா நான்-இன்ஃபீரியாரிட்டிங்கற வார்த்தையவே எடுத்துட்டு, ஒரு ஆர்முக்கு 250 வச்சு வித்தியாசத்த ±5 பாயிண்ட் கிட்ட அளக்கற பைலட்னு பண்றது, அதுல எடுக்கற எண்ணு அடுத்த பெரிய ட்ரையலுக்கு உதவும். தீசிஸுக்கு நான் ரெண்டாவதத்தான் சொல்வேன். "p 0.05-க்கு மேல, அதனால ரெண்டும் சமம்"னு மட்டும் கடைசில எழுதிடாதீங்க, அது வேற கதை.

கடைசியா ஒரு வேல. அந்த 8% உங்க வார்டு ரெஜிஸ்டர்ல இருந்து எடுத்ததுன்னு போட்டிருக்கீங்க, அதுல டிஸ்சார்ஜ் வரைக்கும் பாத்ததுதானே இருக்கும்? வீட்டுக்குப் போனப்புறம் சீழ் வச்சு வேற எங்கயோ காட்டுனவங்க அதுல வர மாட்டாங்க. 30 நாள் வரைக்கும் பாத்தா 12%-ன்னு வந்தா அதே 4 மார்ஜினுக்கு 723 இல்ல, 1037 பேர் வேணும். போன மூணு மாசத்துல டெலிவரி ஆனவங்களுக்கு ஓபி சீட்டு நம்பர வச்சு போன் பண்ணி அந்த எண்ண எடுத்துட்டு வாங்க, அதோட கைடு மேடம் 12 வரைக்கும் தாங்கலாமான்னு சொல்றதையும் எழுதி வாங்கிட்டு வந்தீங்கன்னா வியாழக்கிழமை உக்காந்து கணக்க மறுபடி ஓட்டிடலாம்.