என் மரம்: நானே பார்த்துச் சொல்லும் தாள்

ஆண்டு 1, அறிவியல். மூன்று வாரச் செயல்திட்டம். இருவர் சேர்ந்து ஒரு மரம். சுங்கை சிப்புட், பேராக்.

பிள்ளைகளுக்கு

(டீச்சர் வாசிப்பேன். நீங்கள் விரல் வைத்து என்னோடு வாருங்கள்.)

மேசையில் மூன்று பொருள் இருக்கிறதா, பாருங்கள். உங்கள் மரப் புத்தகம். இந்தப் பெரிய தாள். ஐந்து ரப்பர் விதை. விதையைத் தரையில் தேய்த்துக் கூட்டாளி கையில் சூடு வைக்கும் விளையாட்டை ஓய்வு நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். இப்போது விதைக்கு வேறு வேலை இருக்கிறது.

தாளில் ஐந்து கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே கட்டங்கள். கட்டத்தில் விதை, கன்று, மரம் என்று படம் போட்டிருக்கிறேன். ஒரு கட்டத்தை வாசித்ததும் உன் புத்தகத்தைத் திற. அதில் அது எங்கே இருக்கிறது? விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அந்தக் கட்டத்தில் உன் ரப்பர் விதையை வை. காட்ட முடியவில்லையா? அதற்கு முந்திய கட்டத்தில் வை.

விதையை எத்தனை முறை வேண்டுமானாலும் நகர்த்தலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

1. மரத்தை உற்றுப் பார்த்தேனா?

விதை: என் புத்தகத்தில் என் மரத்தின் படம் இருக்கிறது.

கன்று: இலையைக் கையில் வைத்துப் பார்த்து வரைந்தேன். என் படத்தில் இலை நரம்பு இருக்கிறது.

மரம்: இலையும் தண்டும் வரைந்தேன். பூ, காய், வேர் இந்த மூன்றில் ஒன்றும் வரைந்தேன். இலை நரம்பு நேராகப் போகிறதா, வலை மாதிரி போகிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியும்.

இந்தக் கேள்விக்குச் சீக்கிரம் விதை வைக்க வேண்டாம். இப்படிச் செய்து பாருங்கள். புத்தகத்தில் ஒட்டிய இலையின் நரம்பில் ஒரு விரல். நீங்கள் வரைந்த நரம்பில் இன்னொரு விரல். இரண்டு விரலையும் மெதுவாக நகர்த்துங்கள். இரண்டும் ஒரே மாதிரி போகிறதா? போனால் நீங்கள் பார்த்து வரைந்திருக்கிறீர்கள். போகவில்லை என்றால் மனதில் இருந்த இலையை வரைந்துவிட்டீர்கள். சரி, இப்போதே இன்னொரு முறை பார்த்து வரையலாம்.

பால்மரம் எடுத்தவர்கள் ஒரு காம்பில் எத்தனை சிற்றிலை என்று எண்ணுங்கள். மூன்று இருக்கும். உங்கள் படத்திலும் மூன்று இருக்கிறதா? செம்பனை எடுத்தவர்கள் நரம்பைத் தடவிப் பாருங்கள். வலை தெரியாது, நீளக் கோடுதான் தெரியும்.

மரத்தில் பூ இல்லையா? 'நான் பார்த்த நாளில் பூ இல்லை' என்று எழுதியிருந்தால் அதுவும் பார்த்ததுதான். வேருக்காக யாரும் மரத்தடியைத் தோண்ட வேண்டாம். மண்ணுக்கு மேலே தெரியும் வேர் போதும்.

2. பெரியவரிடம் கேட்டேனா?

விதை: யாரிடம் கேட்டேன் என்று சொல்வேன்.

கன்று: ஒரு கேள்வி கேட்டேன். அவர் சொன்ன பதில் என் புத்தகத்தில் இருக்கிறது. படமாகவும் இருக்கலாம், எழுத்தாகவும் இருக்கலாம்.

மரம்: அவர் சொன்ன பதிலைக் கேட்டதும் எனக்கு இன்னொரு கேள்வி வந்தது. அதையும் கேட்டேன்.

மரக் கட்டம் புரியவில்லை என்று போன வாரம் சிலர் சொன்னீர்கள். அதனால் இதைக் கேளுங்கள். ஒரு பிள்ளை பாட்டியிடம் பேசுகிறது.

"பாட்டி, பால் வெட்ட எப்போ போவீங்க?"

"விடியறதுக்கு முன்னாடியே போயிடுவோம்யா."

"ஏன் அவ்வளவு சீக்கிரம்?"

"வெயில் ஏறிட்டா பால் சரியா ஓடாது."

இதில் இரண்டாவது கேள்வி எங்கிருந்து வந்தது? பாட்டி 'விடியறதுக்கு முன்னாடி' என்றதால் வந்தது. பாட்டி அதைச் சொல்லாமல் இருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. அதற்குத்தான் மரக் கட்டம். வீட்டிலேயே இரண்டு கேள்வி எழுதி எடுத்துப்போய் இரண்டையும் வரிசையாகக் கேட்டிருந்தால் கன்றுக் கட்டத்தில் வையுங்கள்.

அவர் மங்கு என்றால் மங்கு என்றே எழுதுங்கள். ஒட்டுப்பால், பெரட்டு, லயம் எல்லாம் அப்படியே எழுதலாம். எழுத்துப் பிழை இருந்தாலும் உங்கள் விதை கீழே இறங்காது.

3. மற்றவர்களுக்குச் சொன்னேனா?

விதை: என் மரத்தின் பெயரைச் சொன்னேன்.

கன்று: என் மரத்தைப் பற்றி இரண்டு விஷயம் சொன்னேன்.

மரம்: மூன்று விஷயம் சொன்னேன். ஒவ்வொன்றையும் சொல்லும்போது அதன் படத்தைத் தொட்டுக் காட்டினேன்.

சத்தமாகப் பேசியவருக்குத் தனிக் கட்டம் கிடையாது. மெதுவாகப் பேசும் பிள்ளைக்காக நாம் எல்லோரும் பாயை இழுத்துக்கொண்டு முன்னால் போய் உட்காருவோம்.

4. கூட்டாளியோடு சேர்ந்து செய்தேனா?

இதற்கு இரண்டே கட்டம்.

கன்று: நானும் வரைந்தேன், என் கூட்டாளியும் வரைந்தார். இரண்டு பேர் படமும் புத்தகத்தில் இருக்கிறது.

மரம்: என் கூட்டாளி ஒரு யோசனை சொன்னார். அதன்படி செய்தோம். அது எந்தப் பக்கம் என்று காட்டுவேன்.

விதையை வைத்ததும் கூட்டாளியிடம் "இது சரியா?" என்று கேளுங்கள். அவர் இல்லை என்று தலையாட்டினால் இருவரும் என்னிடம் வாருங்கள்.

5. திரும்பச் செய்து பார்த்தேனா?

விதை: என் முதல் படம் இருக்கிறது.

கன்று: அதே மரத்தின் இரண்டாவது படமும் இருக்கிறது.

மரம்: முதல் படத்தில் இல்லாத ஒன்று இரண்டாவது படத்தில் இருக்கிறது. அதைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

முதல் படத்தை அழிக்காதீர்கள், கிழிக்காதீர்கள். அது இருந்தால்தான் வட்டம் எங்கே போடுவது என்று தெரியும்.

ஐந்து விதையும் வைத்தாயிற்றா? இப்போது எழுந்து நின்று உங்கள் தாளை மேலிருந்து பாருங்கள். ஒரே ஒரு விதையை எடுங்கள். அதை அடுத்த கட்டத்துக்கு நகர்த்த நாளைக்கு என்ன செய்வீர்கள்? என் காதில் வந்து சொல்லுங்கள். "நாளைக்கு நரம்பு வரைவேன்", "தாத்தாகிட்ட இன்னொரு கேள்வி கேட்பேன்" என்று ஒரு வேலையைச் சொல்லுங்கள். "இன்னும் நல்லா செய்வேன்" என்று சொன்னால் நான் "எதை?" என்று திருப்பிக் கேட்பேன். எல்லா விதையும் மரக் கட்டத்தில் இருந்தால் உங்கள் புத்தகத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்த பக்கத்தைக் காட்டுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

வணக்கம். மேலே உள்ள தாள் வெள்ளிக்கிழமை பிள்ளையோடு வீட்டுக்கு வரும். விதை வைத்த இடத்தில் பிள்ளை வண்ணம் தீட்டியிருக்கும்.

முதலில் நான் இதே செயல்திட்டத்துக்கு 'அழகாக வரைந்தேன்', 'நன்றாகப் பேசினேன்', 'முயற்சி செய்தேன்' என்று எழுதியிருந்தேன். வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் மேல் கட்டத்தில் வண்ணம் தீட்டினார்கள். ஒரு பெண்பிள்ளை மட்டும் கடைசிக் கட்டத்தில் தீட்டியது. இலையின் ஓரத்தில் இருந்த பூச்சிக்கடியைக்கூட விடாமல் வரைந்த பிள்ளை அது. ஏனம்மா என்று கேட்டேன். வண்ணம் கோட்டுக்கு வெளியே போய்விட்டதாம், அதனால் அழகாக இல்லையாம். தவறு என் சொல்லில் இருந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு 'அழகு' என்றால் வண்ணம் கோட்டுக்குள் இருப்பது, 'நன்று' என்றால் டீச்சர் சிரிப்பது. தன் வேலையில் எதைப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சொற்கள் அதற்குச் சொல்லவில்லை. அன்றைக்கே எல்லாவற்றையும் அடித்துவிட்டு, எண்ணக்கூடியதையும் தொட்டுக் காட்டக்கூடியதையும் மட்டும் வைத்து எழுதினேன். அப்புறம் நான்கு பிள்ளைகளை உட்கார வைத்து ஒவ்வொரு வரியையும் அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொன்னேன். 'உற்றுநோக்கினேன்' என்ற சொல் அங்கேதான் போனது. அறிவியல் பாடத்தில் அது தேவையான சொல்தான், வகுப்பில் பிறகு கற்றுக்கொள்வார்கள். தன்னைத் தானே பார்க்கும் தாளில் புதுச்சொல் தடுக்கிவிடக்கூடாது.

'எப்போதும்', 'சில நேரம்' என்ற சொற்களும் இல்லை, கவனித்திருப்பீர்கள். மூன்று வாரத்தில் எத்தனை முறை செய்தோம் என்று இந்த வயதில் கணக்கு வைக்க முடியாது. புத்தகத்தில் இருக்கிறதா, இல்லையா என்பதைப் பார்க்க முடியும்.

2019 முதல் ஆண்டு 1, 2, 3 பிள்ளைகளுக்குத் தேர்வு இல்லை, வகுப்பறை மதிப்பீடுதான் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் வரும் ஆறு அடைவுநிலைகளை நான்தான் தீர்மானிப்பேன். பிள்ளை தீட்டிய கட்டம் அந்தக் கணக்கில் சேராது. சேர்த்தால் நாளையிலிருந்து எல்லோரும் மரக் கட்டத்தில்தான் தீட்டுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் "ஏன் மரத்தில் இல்லை?" என்று தயவுசெய்து கேட்க வேண்டாம். "இது எந்தப் பக்கத்தில் இருக்கு, காட்டு" என்று கேளுங்கள். மரக் கட்டத்தில் இருந்தாலும் அதையே கேளுங்கள்.

புத்தகத்தில் உங்கள் கை பட வேண்டாம். எழுதச் சிரமப்படும் பிள்ளை வாயால் சொன்னால் எழுதிக் கொடுங்கள், ஆனால் அது சொன்ன சொல்லையே எழுதுங்கள். கடையில் விற்கும் படத்தாளும் வேண்டாம். மரத்தைப் பார்க்கத் தோட்டத்துக்குள் போனால் பெரியவர் ஒருவர் கூடப் போகவேண்டும். பால் வெட்டும் கத்தியைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், தூரத்தில் வைத்துக் காட்டினாலே வரைந்துவிடும்.

கோலா கங்சார் பக்கம் போகிறவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்க முடியுமா? 1877-இல் அங்கே நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று என்று சொல்லப்படும் மரம் இன்றும் நிற்கிறது. தாத்தா பாட்டி வெட்டிய மரத்துக்கு மூத்தது எப்படி இருக்கும் என்று பிள்ளை அண்ணாந்து பார்க்கட்டும். அதைப் புத்தகத்தில் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நான் விடுப்பில் இருந்தால் வகுப்பைப் பார்க்கும் ஆசிரியருக்கு

ஐந்து கேள்வியையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். முதல் இரண்டும் ஒரு நாள், மற்ற மூன்றும் மறுநாள். ஒரு கட்டத்தை வாசித்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் புரட்டும்வரை காத்திருங்கள், அந்த அமைதி கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். விதை வைத்த இடம் தவறு என்று உங்களுக்குத் தெரிந்தாலும் நீங்கள் நகர்த்த வேண்டாம், "விரல் வைத்துக் காட்டு" என்று மட்டும் சொல்லுங்கள். பாதிப் பேர் தாங்களே நகர்த்திவிடுவார்கள். மிச்சப் பேரின் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள், நான் வந்து அவர்களோடு தனியாக உட்காருகிறேன்.

உதிரி விதைகள் அலமாரியின் கீழ்த்தட்டில், பச்சை மைலோ டின்னில் இருக்கின்றன. பாடம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஐந்தை எண்ணித் திருப்பிப் போட வேண்டும். சட்டைப்பையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.