நிலமும் கடலும் சூடேறும் வேறுபாட்டிலிருந்து பருவமழை வரை: விடைக் குறிப்பு

சுற்றுச்சூழல் அறிவியல் தாள், இளநிலை முதலாண்டு. 15 மதிப்பெண் வினா: நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டால் பருவக்காற்று உருவாகும் விதத்தைப் படிப்படியாக விளக்குக, நீலகிரி மாவட்டத்திலிருந்து எடுத்துக்காட்டு தருக.

சூடேறும் வேகம்

ஏப்ரல் மாத நண்பகலில் மசினகுடியில் ஒரு தகரக் கூரையைத் தொட்டால் கை சுடும். அதே வெயிலில் கூரையோரம் நிற்கும் தண்ணீர் டிரம்மில் கை விட்டால் குளிர்ச்சிதான். இரவு எட்டு மணிக்குத் தகரம் சில்லிட்டிருக்கும், டிரம் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். நிலமும் கடலும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. டிரம்முக்குப் பதில் அரபிக்கடல், ஒரு நாளுக்குப் பதில் ஓர் ஆண்டு.

காரணமாகத் தன்வெப்பத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துபவர்களே அதிகம். ஒரு கிலோ நீரை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த சுமார் 4,186 ஜூல் வேண்டும், காய்ந்த மண்ணுக்கு ஏறத்தாழ 800 போதும். ஆனால் ஐந்து மடங்கு என்னும் இந்த வேறுபாட்டைவிடப் பெரியது ஆழம். கோடை முழுவதும் அடித்தாலும் வெயிலின் சூடு மண்ணில் சில மீட்டருக்குக் கீழே இறங்காது. கடலில் ஒளி உள்ளே ஊடுருவுகிறது; காற்றும் அலையும் மேல்நீரைக் கலக்கி, சுமார் 50 மீட்டர் ஆழத்துக்குச் சூட்டைப் பங்கிட்டுவிடுகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்குக் கீழே 50 மீட்டர் நீர் என்றால் 50 டன். அதை 1 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 21 கோடி ஜூல் ஆகும். நிகரமாக 100 வாட் இரவு பகலாகச் சேர்ந்தாலும் 24 நாள் பிடிக்கும். போதாக்குறைக்கு, வரும் வெப்பத்தில் ஒரு பங்கை ஆவியாதலும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

அழுத்தம் ஏன் குறைகிறது

"சூடான காற்று லேசானது, ஆகவே அழுத்தம் குறைகிறது" என்ற வரி பாதி விடைதான். காற்றுத் தூண் சூடாகி உயர்ந்து நீள்வதால் மட்டும் தரையில் அதன் எடை குறைந்துவிடாது; உள்ளே இருக்கும் காற்று அதே அளவுதான். தூண் நீளும்போது, மேலே ஒரே உயரத்தில் நிலத்தின் மீதான அழுத்தம் கடலின் மீதானதைவிட அதிகமாகிறது. அதனால் மேலடுக்கில் காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் வழிகிறது. அப்படி வெளியேறிய பிறகுதான் தரையில் எடை குறைந்து தாழ்வழுத்தம் உண்டாகிறது. இந்த ஒரு படியைச் சேர்த்து எழுதினால் விடை தனியாகத் தெரியும்.

கோடையில் தார்ப் பாலைவனம் முதல் சிந்து வரை அழுத்தம் 1,000 ஹெக்டோபாஸ்கலுக்குக் கீழே போகிறது. அதே மாதங்களில் தெற்கே குளிர்காலம். இந்தியப் பெருங்கடலில் மஸ்கரீன் தீவுகளை ஒட்டி, தென் அட்சம் 30 டிகிரி அருகே, 1,020 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் உயரழுத்தம் நிலைகொள்கிறது. காற்று இங்கிருந்து அங்கே ஓடுகிறது.

காற்று திரும்புவது

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இது தென்கிழக்குக் காற்று. கோட்டைக் கடந்ததும், பூமியின் சுழற்சியால் வரும் கொரியாலிஸ் விளைவு அதை வலப்பக்கம் திருப்புகிறது; தென்மேற்குக் காற்றாக மாறுகிறது. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம் மேற்கே சுவர்போல் நிற்பதால், சோமாலியா கரையோரம் ஓட்டம் குறுகி வேகம் பிடிக்கிறது. தரையிலிருந்து 1 முதல் 1.5 கி.மீ. உயரத்தில் மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் வீசும் இதுவே சோமாலி ஜெட். அரபிக்கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. கேரளக் கரையில் மழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1.

வெப்ப வேறுபாடு மட்டும் போதுமா?

1686இல் எட்மண்ட் ஹாலி சொன்ன விளக்கம் வெப்ப வேறுபாடு; 1735இல் ஜார்ஜ் ஹாட்லி பூமியின் சுழற்சியைச் சேர்த்தார். இதோடு நின்றால் ஒரு கேள்வி இடிக்கும். உள்நாடு அதிகம் கொதிப்பது மே மாதத்தில், மழை உச்சம் தொடுவதோ ஜூலையில். மழை பொய்க்கும் ஆண்டுகளில் நிலம் இன்னும் சூடாக இருக்கும், ஆனால் அந்தச் சூடு மழையை இழுத்து வருவதில்லை. மேகமும் ஈரமும் இல்லாததால் வந்த சூடு அது.

ஆகவே தரையின் சூடு எஞ்சினைக் கிளப்பிவிடும் சாவி என்று எழுதுங்கள். எரிபொருள் உள்ளுறை வெப்பம். ஒரு கிலோ நீராவி துளியாகும்போது சுமார் 25 லட்சம் ஜூல் வெளிவருகிறது. அது நடு வளிமண்டலத்தைச் சூடாக்கி, தாழ்வழுத்தத்தை ஆழமாக்கி, மேலும் ஈரக்காற்றை இழுக்கிறது. திபெத்திய மேட்டுநிலத்தின் உயரத்தில் நடக்கும் சூடேற்றமும், நிலநடுக்கோட்டு மழைப்பட்டை வடக்கே நகர்வதும் இதோடு சேர்கின்றன.

நீலகிரியில் நடப்பது

கடற்கரையில் 28 டிகிரி வெப்பநிலை, 24 டிகிரி பனிநிலை கொண்ட காற்று மேற்குச் சரிவில் ஏறுகிறது என்று கொள்வோம். பனிநிலை என்பது காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. முதல் 500 மீட்டரில் கி.மீ.க்கு 9.8 டிகிரி வீதம் குளிர்ந்து 23 ஆகிறது. பனிநிலையும் உயரத்தோடு சற்று இறங்குவதால் இரண்டும் அங்கே சந்திக்கின்றன, மேக அடித்தளம் அதுவே. அதற்கு மேல் உள்ளுறை வெப்பம் வெளிவருவதால் கி.மீ.க்குச் சுமார் 4.5 டிகிரிதான் குறைகிறது. 2,200 மீட்டரில் ஊட்டி உயரத்தை எட்டும்போது 15.5 டிகிரி. வழியில் ஒவ்வொரு கிலோ காற்றும் ஏறத்தாழ 4 கிராம் நீரை இறக்கியிருக்கும். தேவாலா, பந்தலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி நனைவது இந்த நீரில்தான். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

உதிர்க்க வேண்டியதை உதிர்த்த காற்று கிழக்கே இறங்கும்போது மீண்டும் 9.8 வீதத்தில் சூடேறுகிறது. 411 மீட்டரில் உள்ள கோவையை அடையும்போது 33 டிகிரி. புறப்பட்ட இடத்தைவிட உயரமான ஊரில் 5 டிகிரி அதிகச் சூடு! மழை மறைவுப் பகுதி வறண்டிருப்பதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. துளியான நீர் முழுவதும் மழையாக விழுந்துவிட்டது என்று கொண்ட கணக்கு இது. நிஜத்தில் மேகம் கொஞ்சம் தாண்டியும் போகும். "மேகம் மலையில் மோதி உடைகிறது" என்று எழுதாதீர்கள். எதுவும் உடைவதில்லை, காற்று மேலேறிக் குளிர்கிறது.

அக்டோபருக்குப் பின் நிலம் வேகமாக ஆறுகிறது, கடல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. அழுத்தம் இடம் மாறுகிறது. வடகிழக்குக் காற்று வங்கக் கடலில் ஈரம் ஏற்றி வர, குன்னூரும் கோத்தகிரியும் காற்று முகப்பக்கமாகின்றன. கூடலூருக்கு அப்போது ஓய்வு. ஆனால் இது தென்மேற்கின் அச்சு அசலான மறுபுறம் அல்ல. வடகிழக்கில் மழையின் பெரும்பங்கு வங்கக் கடல் தாழ்வு மண்டலங்களோடும் புயல்களோடும் வருகிறது, அதனால் நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் அதிகம். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பக்கம் பெருநிலச்சரிவுகள் நேர்ந்தது இந்தப் பருவத்தில்தான்.

படம் வரைவோர் கவனத்துக்கு: இரண்டு படம் போதும். முதலில் வரைபடம், மஸ்கரீன் உயரழுத்தத்திலிருந்து புறப்படும் அம்பு நிலநடுக்கோட்டில் வளைந்தே ஆக வேண்டும், நேர்கோடாகப் போட்டால் கொரியாலிஸை விட்டுவிட்டீர்கள் என்றாகும். அடுத்து குறுக்குவெட்டு, இடது ஓரம் கடல், 500 மீட்டரில் மேக அடித்தளம், உச்சியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர், வலது ஓரம் கோவை. ஒவ்வோர் இடத்திலும் வெப்பநிலையைக் குறியுங்கள்.