பிப்ரவரி 21 சனி இரவு மணலி யார்டில் கம்ப்யூட்டர் கேட் பாஸ் இயங்காது

தேதி: 16.02.2026
பெறுநர்: சி.எச்.ஏ. அலுவலகங்கள், டிரான்ஸ்போர்ட்டர்கள், டிரைலர் ஓட்டுநர்கள், யார்டு ஊழியர்கள் அனைவருக்கும்

வரும் சனிக்கிழமை (21.02.2026) இரவு 10 மணி முதல் ஞாயிறு (22.02.2026) காலை 5 மணி வரை நமது யார்டின் சர்வர் நிறுத்தப்படும். பழைய சர்வரில் இருக்கும் பதிவுகளைப் புதியதற்கு மாற்றுகிறோம். அதே இரவில் இரண்டாவது கேட் கேபினில் இருக்கும் நெட்வொர்க் பெட்டியையும் மாற்றுகிறோம். கடல் காற்றில் அதன் செம்புப் பின்கள் பச்சை பூத்துவிட்டன. சில மாதங்களாக அந்தக் கேட்டில் பாஸ் பாதியில் நின்றுபோனதற்கு அதுதான் காரணம்.

அந்த ஏழு மணி நேரமும் ஆன்லைன் புக்கிங், கேட் பாஸ், பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வசதி, கட்டணம் செலுத்தும் பக்கம் எதுவும் திறக்காது. இறக்குமதிப் பெட்டி எதுவும் வெளியே போகாது. சுங்கத்தின் ஐஸ்கேட் தளம் எங்களுடையது அல்ல, அது வழக்கம்போல் இயங்கும். ஆனால் அங்கே அவுட் ஆஃப் சார்ஜ் கிடைத்துவிட்டாலும், எங்கள் பாஸ் இல்லாமல் வண்டியை விட முடியாது. ஃபார்ம் 13 கையில் இருந்தாலும் அப்படித்தான்.

அதனால் சனி இரவு 9 மணிக்குள் பாஸ் எடுத்துவிடுங்கள். அன்று மாலை 6 மணிக்கு மேல் எடுக்கும் பாஸ்களுக்கு மட்டும் ஞாயிறு காலை 8 மணி வரை செல்லுபடி நீட்டியிருக்கிறோம். ஞாயிறு காலை துறைமுகத்தில் கட்-ஆஃப் உள்ள ஏற்றுமதிப் பெட்டிகளைச் சனி இரவே வெளியே எடுப்பதுதான் நல்லது. ஐந்து மணிக்குக் கேட் திறந்த பிறகு கிளம்பி, ஜீரோ கேட் வரிசையில் போய் நிற்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இந்த நிறுத்தத்தால் தங்கிப்போகும் பெட்டிகளுக்கு அந்த இரவுக்கான கிரவுண்ட் ரென்ட் கிடையாது. பில்லில் தவறி வந்துவிட்டால் காட்டுங்கள், எடுத்துவிடுவோம்.

ஏற்றுமதிப் பெட்டிகள் உள்ளே வரலாம். முதல் கேட் மட்டும் திறந்திருக்கும், கையால் எழுதிய சீட்டு தருவோம். எடை மேடை வேலை செய்யும், எடைச் சீட்டும் அச்சாகும். ஆனால் எடை தானாகச் சிஸ்டத்துக்குப் போகாது. வி.ஜி.எம். கொடுக்க வேண்டிய பெட்டி என்றால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஞாயிறு காலை அதைப் பார்த்துத்தான் பதிவு செய்வோம்.

கேட் ஊழியர்களுக்கு ஒரு முக்கியமான வேண்டுகோள். பெட்டி எண்ணில் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் பெட்டிக் கதவில் தனியாகக் கட்டத்துக்குள் இருக்கும், அதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த இலக்கம் மற்றவற்றை வைத்துக் கணக்கிட்டுப் போடுவது. 1-ஐ 7 என்று எழுதிவிட்டால் கணக்கு பொருந்தாது, காலையில் சிஸ்டம் ஏற்காது, பெட்டி யாருடையது என்று தேட வேண்டியதாகிவிடும். சீலை டார்ச் அடித்துப் பார்த்து, எண்ணை ஓட்டுநரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு எழுதுங்கள். அவசரப்பட வேண்டாம், ஓட்டுநர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறோம்.

ரீஃபர் பெட்டிகளுக்கு மின்சாரம் நிற்காது. நிற்பது கண்காணிப்புத் திரை மட்டுமே. ஒவ்வொரு பெட்டியின் டிஸ்ப்ளேயையும் ஊழியர் நேரில் பார்த்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் புத்தகத்தில் எழுதுவார். மைனஸ் 18-இல் வைத்திருக்கும் இறால் பெட்டிகளை முதலில் பார்க்க வேண்டும். அளவு ஏறினால் காத்திருக்காமல் உடனே ஷிப்ட் சூப்பர்வைசருக்குச் சொல்லுங்கள்.

இரவில் யாரைக் கேட்பது? முதல் கேட் கேபினில் ஷிப்ட் சூப்பர்வைசர் காலை 6 மணி வரை இருப்பார், இன்டர்காம் 117. வெளியிலிருந்து கூப்பிட, கேட் பாஸின் பின்பக்கம் முதலில் அச்சிட்டிருக்கும் இரவுப் பணி எண்ணைப் பயன்படுத்துங்கள். அது தனி லைன், சர்வர் நின்றாலும் அடிக்கும். டிரான்ஸ்போர்ட்டர் வாட்ஸ்அப் குழுவில் இரவு 10, 1, மூன்றரை மணிக்கு நிலவரம் போடுவோம். அழைக்கும்போது பெட்டி எண்ணையும் வண்டி எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடியாவிட்டால் என்ன? மூன்றரை மணிக்குள் புது சர்வரில் சோதனை பாஸ் சரியாக வரவில்லை என்றால், மேற்கொண்டு முயற்சி செய்யாமல் பழைய சர்வரையே இயக்கிவிடுவோம். ஐந்து மணிக்குக் கேட் திறப்பது எப்படியும் தள்ளிப்போகக் கூடாது என்பதால்தான் இந்த முடிவு. பழையதற்கே திரும்ப நேர்ந்தால், அடுத்த தேதியைத் தனியாக அறிவிப்போம்.

வெளியே நிற்கும் வண்டிகள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையோரம் வரிசை கட்ட வேண்டாம். யார்டின் தெற்குப் பக்கத் திடலைத் திறந்து வைக்கிறோம். விளக்கு, குடிநீர், கழிவறை மூன்றும் இரவு முழுக்க உண்டு. ஓட்டுநர்கள் அங்கே தூங்கலாம், முறை வந்ததும் ஆள் அனுப்பி எழுப்புவோம்.

செயல்பாட்டு மேலாளர்
மணலி யார்டு