அறை 214: பிளக் பாயிண்ட்கள் தளர்ந்துவிட்டன, ஒன்றில் தீய்ந்த வாடை

வணக்கம் மேடம்,

இரண்டாம் மாடி, அறை 214-இல் இருந்து எழுதுகிறேன். எங்கள் அறையில் இருக்கும் நான்கு பிளக் பாயிண்ட்களில் மூன்று தளர்ந்துவிட்டன. சார்ஜரைச் சொருகினால் பிடித்து நிற்பதில்லை. நேற்று இரவு ஜன்னலோரப் பாயிண்ட்டில் தீய்ந்த வாடை வந்தது. அதனால்தான் புகார் நோட்டில் எழுதியதோடு விடாமல் உங்களுக்கே நேரடியாக எழுதுகிறேன்.

ஜன்னலோரப் பாயிண்ட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சுமார் பதினொரு மணிக்கு லேப்டாப் சார்ஜரை அதில் சொருகியபோது 'சர்ர்' என்று ஒரு சத்தம், உள்ளே சின்னதாக நீலப்பொறி. உடனே சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கை எடுத்துப் பார்த்தோம், அதன் பின்கள் தொட முடியாத அளவுக்குச் சுட்டன. சாக்கெட்டின் வலப்பக்க ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகிவிட்டது. படம் எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். இப்போதைக்கு அதன் மேல் டேப் ஒட்டி, யாரும் தொடாமல் வைத்திருக்கிறோம். அந்தப் பாயிண்ட்டுக்கு கை எட்டும் தூரத்தில்தான் என் அறைத்தோழியின் தலையணை இருக்கிறது. நேற்று அவள் கட்டிலை இழுத்துப்போட்டுக்கொண்டுதான் படுத்தாள்.

கதவருகே இருப்பதும் மேசைக்கு மேலே இருப்பதும் அவ்வளவு மோசமில்லை, ஆனால் பயன்படுத்த முடியவில்லை. மேசைப் பாயிண்ட்டில் லேப்டாப் அடாப்டரின் கனத்துக்கே பிளக் கீழே சாய்ந்துவிடுகிறது. அடியில் இரண்டு நோட்டுகளை முட்டுக் கொடுத்து வைக்கிறோம். யாராவது நாற்காலியை நகர்த்தினால் போதும், மின்சாரம் போய்விடும். மூன்றாவது தோழியின் லேப்டாப்பில் பேட்டரி ஏற்கெனவே பழுது, சார்ஜரில் இருந்தால் மட்டுமே ஓடும். கடந்த செவ்வாய்க்கிழமை ஆய்வறிக்கையைப் பதிவேற்றிக்கொண்டிருந்தபோது மூன்று முறை அணைந்துபோய், கடைசியில் கெடு நேரம் தாண்டிவிட்டது. அவள் அழுதுகொண்டே திரும்பத் தட்டச்சு செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். போன் கதையும் அதேதான். இரவு முழுக்கச் சார்ஜ் போட்டதாக நினைத்துக் காலையில் எடுத்தால் 9 சதவீதம் இருக்கிறது, அலாரமும் அடித்திருக்காது.

எங்கள் சார்ஜர்களில் குறை இருக்குமோ என்றும் பார்த்துவிட்டோம். அதே மூன்று சார்ஜர்களையும் படிப்பறையில் சொருகினால் அசையாமல் நிற்கின்றன, ஒரு முறைகூடத் துண்டிக்கவில்லை. ஆகவே கோளாறு சாக்கெட்டில்தான்.

இரண்டு வாரத்துக்கு முன் நோட்டில் எழுதியபோது எலக்ட்ரீஷியன் அண்ணா வந்தார். போர்டின் வெளி ஸ்க்ரூக்களை முறுக்கிவிட்டுப் போனார், போர்டின் ஆட்டம் நின்றது. ஆனால் பிளக்கைப் பிடித்துக்கொள்வது சாக்கெட்டுக்கு உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகள். அவை விரிந்துவிட்டால் வெளியே எவ்வளவு முறுக்கினாலும் பிடி வராது. பிடி தளர்ந்தால் பொறி பறக்கும், பொறியால் சூடாகும், சூட்டில் தகடு இன்னும் தளரும். அதனால் இந்த முறை மூன்று சாக்கெட்டுகளையும் புதிதாக மாற்றித் தரச் சொல்லுங்கள் மேடம். பழுப்பான பாயிண்ட்டுக்குப் பின்னால் இருக்கும் வயரும் கருகியிருக்கிறதா என்று போர்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஜன்னலோரப் பாயிண்ட்டில் நாங்கள் சில முறை இஸ்திரிப் பெட்டி போட்டிருக்கிறோம். அதனாலும் சீக்கிரம் கெட்டிருக்கலாம். இனி கீழே இஸ்திரி அறையிலேயே தேய்த்துக்கொள்கிறோம்.

இன்றைக்கே மூன்றையும் மாற்ற முடியாவிட்டாலும், ஜன்னலோரப் பாயிண்ட்டின் இணைப்பையாவது இன்று துண்டித்துவிடச் சொல்லுங்கள். டேப் ஒட்டியிருந்தாலும் உள்ளே மின்சாரம் இருக்கிறதே என்று பயமாக இருக்கிறது. மற்ற இரண்டையும் இந்த வாரத்துக்குள் மாற்றினால் போதும். நல்ல நிலையில் இருக்கும் ஒரே பாயிண்ட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு மூன்று பேரும் ஓட்டலாமா என்று யோசித்தோம். அதையும் கெடுத்துவிடுவோமோ என்று விட்டுவிட்டோம். அதுவரை எங்கள் மூன்று பேருக்கு மட்டும் படிப்பறையை இரவு பத்து மணிக்கு மேல், பன்னிரண்டு வரை திறந்துவைக்க அனுமதி தருவீர்களா? அடுத்த திங்களன்று எங்களுக்குத் தேர்வு தொடங்குகிறது. அறையைப் பூட்டி, விளக்கை அணைத்து, சாவியைக் காவலர் அம்மாவிடம் நாங்களே கொடுத்துவிடுகிறோம்.

எலக்ட்ரீஷியன் அண்ணா இன்று மதியம் இரண்டு மணிக்குப் பிறகு எந்த நேரம் வந்தாலும் சரி, நான் அறையில்தான் இருப்பேன். நாளையும் வியாழனும் காலையில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள், மூவரில் ஒருவர் இருந்துகொள்கிறோம். கட்டில்களையும் மேசையையும் சுவரிலிருந்து தள்ளி வைத்துவிட்டோம்.

பக்கத்து 215-இலும் ஒரு பாயிண்ட் இப்படித்தான் ஆடுகிறது என்றார்கள். வருகிறபோது அதையும் பார்த்துவிடச் சொன்னால் நல்லது.

நன்றி மேடம்.

அறை 214 மாணவிகள் மூவருக்காகவும்