கட்டணம், பெறுபேறு பார்க்கும் பக்கத்துக்குள் நுழைய முடியவில்லை

அலுவலகத்தில் உள்ள சேர், மிஸ் அனைவருக்கும் வணக்கம்.

நான் தரம் 8 பி-யில் படிக்கும் மாணவியின் அம்மா, சேர்விலக்கம் 4172. போன கிழமை திருநெல்வேலிச் சந்தையில் என் போன் தொலைந்துவிட்டது. புது நம்பர் எடுத்துவிட்டேன், ஆனால் உங்கள் பக்கத்தில் இன்னும் பழைய நம்பர்தான் இருப்பதால், கடவுச்சொல்லை மாற்றப் போனால் ஓடிபி அந்தத் தொலைந்த போனுக்கே போகிறது. சரி, பழைய கடவுச்சொல்லை நினைவில் வைத்து அடித்துப் பார்ப்போம் என்று நாலைந்து தரம் முயன்றேன், இப்போது Account locked என்று வருகிறது. அது என் பிழைதான்.

இரண்டாம் தவணைக் கட்டணத்தை வங்கியில் கட்டிவிட்டேன், ஆனால் பற்றுச்சீட்டை வெள்ளிக்கிழமைக்குள் பதிவேற்ற வேண்டும், பிந்தினால் தண்டப்பணம் என்று அறிவித்தலில் இருக்கிறது. கணக்கு திறக்க நாள் எடுத்தால் இதோடு இணைத்துள்ள படத்தையே ஏற்றுக்கொள்ளுங்கள், தண்டப்பணம் போடாதீர்கள். பெறுபேறும் வந்துவிட்டதாம். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் பார்த்துவிட்டார்கள், மகள் பள்ளியால் வந்ததும் முதலில் கேட்பது "அம்மா, திறந்திட்டுதா?" என்றுதான்.

பழைய நம்பரை நீக்கி, இந்த மின்னஞ்சலில் இணைத்துள்ள படிவத்தில் இருக்கும் புது நம்பரைப் போட்டு, கணக்கைத் திறந்துவிடுங்கள். தொலைந்த போனில் உங்கள் பக்கம் திறந்தபடியே இருந்தது, அதையும் வெளியேற்றிவிட்டால் நல்லது. என் அடையாள அட்டைப் பிரதியையும் இணைத்திருக்கிறேன். நேரில் வரவேண்டும் என்றால் சொல்லுங்கள், கோண்டாவிலில்தான் இருக்கிறோம், காலையில் பிள்ளையை இறக்கிவிட்டு அப்படியே அலுவலகத்துக்கு வருவேன். கடவுச்சொல்லை மட்டும் மகளிடம் துண்டில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

நன்றி.
4172 மாணவியின் அம்மா