ஆசிரியர் தினம்: வகுப்புத் தலைவர்கள் கவனத்துக்கு

6 முதல் 12 வரை, அ, ஆ பிரிவுகளின் தலைவர்களுக்கு,

நேற்றைய கூட்டத்தில் பாதிப் பேர்தான் இருந்தீர்கள். முடிவானதை எல்லோருக்கும் எழுதிவிடுகிறேன். விழா அக்டோபர் 5, திங்கட்கிழமை. காலை 8.30-க்குத் தொடங்கி 8.55-க்கு முடியும். 9 மணிக்கு முதல் பாடவேளை வழக்கம்போல் நடக்கும். தலைமையாசிரியை அனுமதி தந்ததே இந்த ஒரு நிபந்தனையின் பேரில்தான்.

போன வருடம் நிகழ்ச்சி இரண்டாம் பாடவேளை வரை இழுத்ததும், பதினொன்றாம் வகுப்பின் இயற்பியல் செய்முறை தள்ளிப்போனதும் நினைவிருக்கும். ஆனால் உண்மையில் வகுப்புகளை விழுங்கியது விழா நாள் அல்ல, ஒத்திகைதான். "மிஸ், டான்ஸ் பிராக்டிஸ்" என்று தினமும் ஐந்தாறு பேர் எழுந்து போனோம். அதில் நானும் ஒருத்தி. இந்த முறை ஒத்திகை புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் மட்டும், மதிய இடைவேளையில் 20 நிமிடம். யாரும் பாடவேளையில் அனுமதி கேட்கக் கூடாது. அதனால் நடனம் இல்லை. மூன்று நாளில் அது தேறாது.

நிகழ்ச்சி இவ்வளவுதான்: வரவேற்பு 2 நிமிடம், பாட்டு 4, நாடகம் 7, உறை கொடுப்பது 4, தலைமையாசிரியை பேச்சு 5, நன்றி 1. கூட்டினால் 23. மீதி 2 நிமிடம் மைக் தகராறுக்கு. வரவேற்பில் ஒரு தகவல் போதும்: ஆசிரியர்களின் நிலை குறித்த பரிந்துரை 1966 அக்டோபர் 5 அன்று ஏற்கப்பட்டது, அந்த நாளைத்தான் 1994 முதல் உலக ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அடைமொழி அடுக்க வேண்டாம்.

நாடகக் குழுவுக்கு: ஆசிரியர்கள் பேசும் விதத்தை நடித்துக் காட்டலாம். உடல், நடை, உடை பக்கம் போகாதீர்கள். வசனத்தை வெள்ளிக்குள் தலைமையாசிரியையிடம் காட்டிவிடுங்கள்.

இனி பரிசு. வசூல் கிடையாது. தனியாக யாரும் எதுவும் வாங்கி வர வேண்டாம் என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள். கொண்டுவர முடியாதவர்கள் ஒதுங்கி நிற்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். மாணவர் மன்ற நிதியிலிருந்து ஆளுக்கு ஒரு சிவப்புப் பேனா. அதோடு ஓர் உறை. ஓவியக் குழு பழைய காலண்டர் தாளில் செய்து தருகிறது. உறைக்குள் மாணவர்கள் கையால் எழுதிய 12 சீட்டுகள் இருக்கும்.

ஏன் எண்ணிச் சொல்கிறேன் என்றால், விருப்பப்படி எழுதவிட்டால் ஒருவருக்கு அறுபது வரும், புதிதாக வந்தவருக்கு நாலு வரும். எல்லோர் முன்னாலும் அந்த மெல்லிய உறையை வாங்கிக்கொள்வது யாருக்கும் நன்றாக இருக்காது. நூலகர், ஆய்வக உதவியாளர், உடற்கல்வி ஆசிரியர் உட்பட மொத்தம் 28 பேர். வகுப்புகள் 14. ஆக ஒரு வகுப்புக்கு இரண்டு பேர், 24 சீட்டு. உங்களுக்கு யார் யார் என்ற பட்டியல் நூலகக் கதவில் ஒட்டியிருக்கிறது. தங்களுக்குள் மாற்றிக்கொள்ள அனுமதி இல்லை.

"நீங்கள் மிகச் சிறந்த ஆசிரியர்" என்று எழுதிய சீட்டை வாங்காதீர்கள், திருப்பிக் கொடுங்கள். நடந்த ஒன்றை எழுதச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மாதிரிக்கு எழுதித் தந்தது இது: "காகிதத்தை நாலாக மடித்து பின்னம் சொல்லிக்கொடுத்தீர்கள். அந்தக் காகிதம் இன்னும் என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது." இப்படி ஒரு வரி போதும். பெயர் போடுவது அவரவர் விருப்பம். பட்டப்பெயர் ஏதாவது நுழைந்திருக்கிறதா என்று நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

உறைகளை மேடைக்கு அழைத்துக் கொடுக்கப் போவதில்லை. ஆளுக்கு அரை நிமிடம் என்றாலே 14 நிமிடம் ஓடிவிடும். ஆசிரியர்கள் உட்கார்ந்த இடத்திலேயே 28 மாணவர்கள் ஒரே நேரத்தில் கொடுத்துவிடுவார்கள். வகுப்புக்கு இருவரைத் தேர்ந்தெடுங்கள். மேடையேறியே பழகாதவர்களாக இருந்தால் நல்லது.

மழை வந்தால் விழா வராந்தாவில். அப்போது நாடகம் இருக்காது. நாடகக் குழு இதற்கு இப்போதே சரி சொல்லிவிட்டது, கொஞ்சம் முணுமுணுப்போடு.

சீட்டுகள் வியாழன் மதிய மணிக்குள் என்னிடம் வர வேண்டும். வெள்ளி மாலை மைக் சோதனைக்கு ஒலிபெருக்கிப் பொறுப்பாளர்கள் இருவர் வந்தால் போதும். திங்கள் காலை தலைவர்கள் 8.15-க்கு மைதானத்தில் இருங்கள், மற்றவர்கள் 8.25-க்கு. நாற்காலிகளை எடுத்துவைப்பது 12 ஆ. 8.55 மணி அடித்ததும் மற்றவர்கள் நேராக வகுப்புக்கு.

செயலாளர், மாணவர் மன்றம்
12 அ