பொருள்: ETHUSDT பொசிஷன் லிக்விடேஷனை மறு ஆய்வு செய்யக் கோருதல் (டிக்கெட் எண் 5582917)

வாடிக்கையாளர் சேவைக் குழுவினருக்கு,

வணக்கம். எனது கணக்கு எண் 40718236. இம்மாதம் 14ஆம் தேதி யூடிசி நேரம் 03:17:42க்கு எனது ETHUSDT பெர்பெச்சுவல் லாங் பொசிஷன் முழுமையாக லிக்விடேட் செய்யப்பட்டது. அது சந்தை விலை உண்மையில் இறங்கியதால் நேர்ந்ததாகத் தெரியவில்லை. இன்டெக்ஸ் விலையைக் கணக்கிடத் தாங்கள் பயன்படுத்தும் தரவு ஊட்டத்தில் சில விநாடிகள் ஏற்பட்ட கோளாறே காரணமாக இருக்கக்கூடும் என்று கருதுவதால், அதை மறு ஆய்வு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இதே டிக்கெட்டில் தங்களிடமிருந்து வந்த முதல் பதிலில், மார்க் விலை லிக்விடேஷன் விலைக்குக் கீழே சென்றதால் நடவடிக்கை சரியே என்று குறிப்பிடப்பட்டிருந்தது. லிக்விடேஷன் கடைசி வர்த்தக விலையைப் பார்த்து நடப்பதில்லை, மார்க் விலையைப் பார்த்தே நடக்கிறது என்பதை நான் அறிவேன். அந்த விதியை நான் எதிர்க்கவில்லை. ஒரே தளத்தின் ஆர்டர் புக்கில் யாரோ ஒருவர் விலையைச் சற்று நேரம் தள்ளிவிட்டால் மற்றவர்களின் பொசிஷன்கள் கலையக் கூடாது என்பதற்காகத்தான் மார்க் விலை என்ற ஏற்பாடே இருக்கிறது. இங்கே நடந்தது அதற்கு நேர்மாறாக இருக்கிறது: ஆர்டர் புக் அசையாமல் நிற்க, மார்க் விலை மட்டும் சரிந்தது. ஆகவே மார்க் விலை அந்த அளவைத் தொட்டதா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது தொட்டது சரியான தரவின் அடிப்படையில்தானா என்பதே என் கேள்வி.

பொசிஷனின் விவரம் இது: 2,480.00 விலையில் 12 ETH, 8 மடங்கு லெவரேஜ், ஐசோலேட்டட் மார்ஜின். தொடக்க மார்ஜின் 3,720 USDT. பின்னர் 480 USDT கூடுதலாகச் சேர்த்தேன். அதன் பிறகு திரையில் காட்டப்பட்ட லிக்விடேஷன் விலை 2,140.70. தங்கள் பொது ஏபிஐ வழியாக மார்க் விலை ஊட்டத்தைத் தொடர்ந்து பதிவு செய்யும் வழக்கம் எனக்கு உண்டு. அந்த நிமிடத்தின் பதிவு வருமாறு:

```
03:17:41  index 2450.20  mark 2451.50
03:17:42  index 2119.42  mark 2120.72
03:17:45  index 2119.42  mark 2120.72
03:17:46  index 2450.10  mark 2451.40
```

இறங்கிய விதமே கவனிக்கத்தக்கது. விலை படிப்படியாகச் சரியவில்லை. ஒரே தாவலில் இறங்கி, நான்கு விநாடிகள் ஒரு புள்ளிகூட மாறாமல் நின்று, மீண்டும் ஒரே தாவலில் பழைய இடத்துக்கே திரும்பியது. இயல்பான வீழ்ச்சியில், அது எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும், இப்படி ஒரு தட்டையான கோடு அமைவது மிக அரிது.

இறக்கத்தின் அளவும் எதையோ சுட்டுவதாக எனக்குப் படுகிறது. 2,450.20 இலிருந்து 2,119.42 என்பது 13.5 சதவீதம். தாங்கள் வெளியிட்டுள்ள இன்டெக்ஸ் விளக்கப் பக்கத்தின்படி ETH விலை ஐந்து ஸ்பாட் சந்தைகளின் எடையிட்ட சராசரி. அவற்றில் ஒன்றின் எடை 15 சதவீதம். அந்த ஒரு மூலத்திலிருந்து மட்டும் தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்து, 2,450க்குப் பதிலாக 245 வந்திருந்தால், இன்டெக்ஸ் சரியாக 13.5 சதவீதம்தான் இறங்கும். இது என் ஊகமே. அந்த மூலம் அனுப்பிய மூலத்தரவு தங்களிடம்தான் இருக்கிறது. ஆனால் எண்கள் இவ்வளவு பொருந்தி வருவதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. மற்ற நான்கு சந்தைகளின் பொது வர்த்தகப் பதிவுகளில் அந்த நிமிடம் முழுவதும் விலை 2,445க்கும் 2,455க்கும் இடையிலேயே இருந்தது.

அதே விளக்கப் பக்கத்தில், எந்த ஒரு மூலத்தின் விலையும் மற்றவற்றின் இடைநிலை விலையிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகினால், அது 5 சதவீத வரம்புக்குள் வெட்டிக் கணக்கிடப்படும் என்று தாங்கள் உறுதியளித்திருக்கிறீர்கள். அந்த வரம்பு செயல்பட்டிருந்தால், 15 சதவீத எடையுள்ள ஒரு மூலம் எவ்வளவு தவறான விலையை அனுப்பியிருந்தாலும் இன்டெக்ஸ் 0.75 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருக்க முடியாது. அதாவது 2,431க்குக் கீழே வந்திருக்காது. என் லிக்விடேஷன் விலை அதற்கும் ஏறக்குறைய 290 USDT கீழே இருந்தது. மூன்றாம் தரப்புத் தரவில் நேரும் பிழைகளுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று பயனர் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருப்பதை நான் படித்தேன். ஆயினும் அப்படிப்பட்ட பிழையை வடிகட்டும் இந்த வரம்பு மூன்றாம் தரப்பினுடையதல்ல, தங்களுடையது.

இன்னொரு சான்றையும் முன்வைக்கிறேன். இந்தப் பொசிஷனுக்கு 2,360 விலையில், கடைசி வர்த்தக விலையைத் தூண்டுதலாகக் கொண்ட ஸ்டாப் லாஸ் ஆர்டர் ஒன்று போட்டிருந்தேன். அது தூண்டப்படவே இல்லை. லிக்விடேஷனோடு சேர்த்து ரத்து செய்யப்பட்டது என்றே ஆர்டர் வரலாறு காட்டுகிறது. 2,360இல் விழித்துக்கொள்ள வேண்டிய ஆர்டர் உறங்கிக்கொண்டிருக்க, 2,140இல் நடக்க வேண்டிய லிக்விடேஷன் நடந்து முடிந்துவிட்டது.

இனி இழப்பைப் பற்றி. பொசிஷன் பேங்க்ரப்ட்சி விலையான 2,130.00க்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, 4,200 USDT மார்ஜின் முழுவதும் கழிக்கப்பட்டது. அந்த நிமிடத்தில் தங்கள் தளத்திலேயே நடந்த வர்த்தகங்களில் மிகக் குறைந்த விலை 2,446.00. அந்த விலைக்கே பொசிஷன் மூடப்பட்டதாகக் கொண்டால் என் இழப்பு 408 USDT. மீதி 3,792 USDT என் கணக்கில் இருந்திருக்க வேண்டும். லிக்விடேஷன் இன்ஜின் அந்த 12 ETH-ஐச் சந்தை விலைக்கு விற்றிருந்தால், இந்த வேறுபாடு தங்கள் காப்பீட்டு நிதிக்குச் சென்றிருக்கும் என்று நினைக்கிறேன். காப்பீட்டு நிதி என்பது பேங்க்ரப்ட்சி விலைக்கும் கீழே மூடப்படும் பொசிஷன்களின் நட்டத்தைத் தாங்குவதற்காக உள்ளது; அப்படி எந்த நட்டமும் இங்கே எழவில்லை.

எனவே மூன்று கோரிக்கைகள். 03:17:41 முதல் 03:17:46 வரை இன்டெக்ஸின் ஐந்து மூலங்களும் விநாடிவாரியாக அனுப்பிய விலைகளையும், 5 சதவீத வரம்பு அப்போது செயல்பட்டதா என்பதையும் எனக்குத் தெரிவியுங்கள். ஆய்வு முடியும்வரை அந்த நேரத்துக்குரிய பதிவுகளை அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள். கோளாறு உறுதியானால், 3,792 USDT-யிலிருந்து இயல்பான 0.05 சதவீத டேக்கர் கட்டணமான 14.68 USDT போக, 3,777.32 USDT-யை என் கணக்கில் வரவு வையுங்கள். பொசிஷனை மீட்டுத் தருமாறு நான் கேட்கவில்லை; அதன் பின் விலை ஏறியதால் கிடைத்திருக்கக்கூடிய லாபத்தையும் கோரவில்லை.

இத்தகைய திருத்தம் இத்துறையில் வழக்கத்தில் இல்லாததும் அல்ல. 2025 அக்டோபர் 10 சரிவின்போது USDe, BNSOL, WBETH ஆகியவற்றின் விலை விலகலால் பாதிக்கப்பட்ட பயனர்களுக்குப் பைனான்ஸ் நிறுவனம் இழப்பீடு வழங்கியது. சந்தை உண்மையிலேயே கொந்தளித்த நாள் அது. என் விஷயத்திலோ சந்தை அமைதியாகவே இருந்தது.

விலை ஊட்டப் பதிவின் முழுக் கோப்பு, மார்க் விலை மற்றும் கடைசி விலையின் ஒரு நிமிட மெழுகுவர்த்தி வரைபடங்கள், ரத்தான ஸ்டாப் லாஸ் ஆர்டரின் ஸ்கிரீன்ஷாட், இன்டெக்ஸ் விளக்கப் பக்கத்தின் அன்றைய நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். முதல் பதில் தானியங்கி முறையில் வந்ததாகத் தோன்றுவதால், இம்முறை இதை இன்டெக்ஸ் மற்றும் ரிஸ்க் பிரிவைக் கவனிக்கும் குழுவிடம் அனுப்பி, பதில் எப்போது கிடைக்கும் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். கூடுதல் விவரம் எது தேவைப்பட்டாலும் இந்த மின்னஞ்சலுக்கே எழுதுங்கள்; அன்றே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மாறன்
கணக்கு எண் 40718236